ஒற்றைப் பிள்ளைக்கு ஒரு தோழி கிடைக்க ஏழு மாதம் திண்டாடினோம், நீங்கள் இப்படித் தொடங்குங்கள்

போன வருடம் ஜூனில் மதுரையிலிருந்து சென்னைக்கு வீடு மாறினோம். வேளச்சேரிப் பக்கம், 16 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. மதுரையில் என் அண்ணன் பிள்ளைகள் பக்கத்து வீட்டிலேயே இருந்ததால் அவள் ஒற்றைப் பிள்ளை என்பதே எங்களுக்கு உறைத்ததில்லை. இங்கே வந்து ஒரு மாதம் கழித்து ஒருநாள், பார்சல் கொண்டுவந்த தம்பியிடம் "உள்ள வாங்கண்ணா, ஒரே ஒரு ஆட்டம்" என்று தாயக்கட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தத் தம்பி சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பதறிப்போய் நான் செய்த முதல் காரியம் வகுப்புகளில் சேர்த்தது. ஓவியம் மாதம் 1,200 ரூபாய், கீபோர்டு 1,500, ஸ்கேட்டிங் 1,500, அதற்கு ஷூ தனியாக 2,800. மூன்று மாதத்தில் 15,400 ரூபாய் போனது, ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. கீபோர்டு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் பத்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் யாரோடு பேசுவது? இது எனக்குப் பணம் கட்டும்போது தோன்றவில்லை. அதன் பிறகு தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். 5 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இது பொருந்தும், அதற்கு மேல் போனால் அவர்களே நம்மை நடுவில் விடமாட்டார்கள்.

1. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

தனிமை என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. பள்ளியில் நன்றாகப் பழகிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஆளில்லாமல் தவிப்பது ஒன்று. பள்ளியிலேயே யாரும் சேர்த்துக்கொள்ளாதது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் இறங்கியதுதான் என் 15,400 ரூபாய்க் கதை.

ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏழு நாட்களுக்கு மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த நேரம், யாரோடு இருந்தாள், என்ன செய்துகொண்டிருந்தாள். "உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?" என்று நேராகக் கேட்காதீர்கள், நாம் எதிர்பார்ப்பது என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், "ம், நிறைய" என்று வந்துவிடும். "இன்னைக்கு சாப்பிடும்போது பக்கத்துல யாரு உட்கார்ந்தா? அவ என்ன கொண்டு வந்தா?" என்று கேளுங்கள். அடுத்தவர் டப்பாவில் என்ன இருந்தது என்று தெரிந்தால் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் வகுப்பு ஆசிரியர். வாசலில் நின்று, அவர் நாற்பது பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டால் "நல்லா இருக்கா மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. டைரியில் எழுதி அனுப்பிப் பத்து நிமிடம் வாங்குங்கள். மூன்று கேள்வி போதும். மதியம் யாரோடு சாப்பிடுகிறாள்? ஜோடி சேரச் சொன்னால் இவளை யாராவது தேடி வருகிறார்களா? விளையாட்டில் தகராறு வந்தால் இவள் என்ன செய்கிறாள்?

எங்களுக்குக் கிடைத்த பதிலில் மூன்றாவதுதான் விஷயம். "சேர்ந்து விளையாடுறா. ஆனா தோக்கப்போறோம்னு தெரிஞ்சா ஆட்டத்தை விட்டுட்டுப் போயிடுறா. ரெண்டு மூணு தடவை ஆனதும் மத்த பிள்ளைங்க கூப்பிடறதை நிறுத்திட்டாங்க." நோட்டைப் பார்த்தால் மாலை 4.15 முதல் 6.30 வரையிலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் "தனியாக", "பாட்டியோடு", "டிவி" என்றே இருந்தது. ஆக, எங்களுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

இந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் "இன்னொண்ணு பெத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். அமெரிக்காவில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி 2004இல் வந்த ஓர் ஆய்வில், பழகும் திறனில் ஒற்றைப் பிள்ளைகள் கொஞ்சம் பின்தங்கியிருப்பதாக அவர்களுடைய ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவரே பின்னர் 7 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் பார்த்தபோது, மற்றவர்கள் 'என் நண்பர்' என்று பெயர் சொல்வதில் ஒற்றைப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது இது பழகினால் வந்துவிடுகிற விஷயம். கேட்ட அத்தைக்கு இதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை, அது வேறு.

2. யாரையும் வீட்டுக்கு அழைக்கும் முன் தோற்கப் பழக்குங்கள்

அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை நாளைக்குப் பத்துத் தடவை தோற்கிறது. கடைசி மாம்பழத் துண்டு, ஜன்னல் சீட்டு, ரிமோட் என்று எல்லாவற்றிலும். எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை. தாயத்தில் என் மாமியார் வேண்டுமென்றே காயை வெட்டாமல் விடுவார், நானும் கண்டுகொள்ள மாட்டேன். ஏழு வருடமாக அவள் வீட்டில் ஓர் ஆட்டத்தில்கூட உண்மையாகத் தோற்றதில்லை என்பதை ஆசிரியர் சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தோம்.

நாங்கள் செய்தது இது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், ஒரே ஆட்டம். முதல் வாரம் பாம்பும் ஏணியும், ஏனென்றால் அதில் தோற்பது கட்டையின் குற்றம், யாருடைய திறமையும் இல்லை. இரண்டாம் வாரம் தாயம். அதிலும் அதிர்ஷ்டம் உண்டு, ஆனால் எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்க வேண்டும், வெட்டுப்படவும் வேண்டும். மூன்றாம் வாரம் பல்லாங்குழி, அதில் தோற்றால் உண்மையிலேயே தோற்றதுதான். யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது, அவருக்கு என்மேல் இரண்டு நாள் கோபம். நாம் தோற்கும்போது அவள் காதில் விழும்படி "ச்சே, போச்சு. சரி, அடுத்த ஆட்டம்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கும் சொல்ல அந்த ஒரே வாக்கியம்தான். முதல் நான்கு நாள் கட்டையைத் தூக்கி எறிந்தாள். எறிந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, திட்டு கிடையாது, சமாதானமும் கிடையாது. பத்தாவது நாள்வாக்கில் முகம் சுருங்கியபடியே "அடுத்த ஆட்டம்" என்றாள். வீட்டில் தோற்று உட்கார முடிகிறது என்று தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

இதோடு சேர்த்துத் தெரு விளையாட்டின் சட்டங்களையும் சொல்லிக்கொடுங்கள். சா பூ த்ரி போடுவது, நடுவில் ஷூ கழன்றால் 'ஜூட்' சொல்லி நிறுத்துவது, அவுட்டா இல்லையா என்று தகராறு வந்தால் 'திரும்ப ஆடலாம்' என்பது, அழுகுணி ஆட்டம் ஆடினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்பது. எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் தெருவிலேயே வந்தது. இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டால் சந்தோஷமாகப் போகலாம், அது அவமானமில்லை என்பதையும் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் கூட்டத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஏற்கெனவே நடக்கும் ஆட்டத்தில் போய்ச் சேருவதுதான் பிள்ளைகளுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. என் மகள் செய்த தவறு எல்லா ஒற்றைப் பிள்ளைகளும் செய்வதுதான் என்று நினைக்கிறேன்: பெரியவர்களிடம் பேசிப் பழகியதால் நேராகப் போய் "என்ன பண்றீங்க? எனக்கு இதைவிட நல்ல ஆட்டம் தெரியும்" என்று ஆரம்பிப்பாள். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நிறுத்திக் கேள்வி கேட்பவரையும் தன்னைப் பற்றிப் பேசுபவரையும் பிள்ளைகள் விரட்டிவிடுவார்கள். பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் என்ன ஆட்டம் என்று பார்க்க வேண்டும். பந்து வெளியே வந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஒரு ரவுண்டு முடிந்ததும், ஆள் குறைவாக இருக்கும் பக்கத்தில் போய் "நானும் வரட்டா?" என்று கேட்க வேண்டும். இதை நாங்கள் வீட்டுக்குள் பொம்மைகளை வைத்து ஒத்திகையே பார்த்தோம். நான்தான் விரட்டுகிற அக்கா.

விரட்டத்தான் செய்வார்கள். எல்லோருக்கும் பிடித்த பிள்ளையையேகூடச் சில நேரம் சேர்த்துக்கொள்வதில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்று வந்துவிட வேண்டும். நீங்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு 'ஏன் சேத்துக்கலை' என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள், அதற்கு அடுத்த நாளிலிருந்து இவள் வந்ததும் கூட்டம் கலைந்தது.

3. ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்கள், அந்த வீட்டாரிடம் பேசுங்கள்

கூட்டத்தில் சேர்வது ஒரு பக்கம் நடக்கட்டும். தோழமை என்பது ஒருவரோடு ஒருவர் திரும்பத் திரும்ப இருப்பதில்தான் வருகிறது. யாரைப் பார்ப்பது? உங்கள் அலுவலகத் தோழியின் மகளை வேண்டாம், அவர்கள் பெருங்களத்தூரில் இருந்தால் மாதம் ஒருமுறைகூடப் பார்க்க முடியாது. நடந்து ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். வயது ஒன்று கூடக் குறைய இருக்கலாம். உங்கள் நோட்டில் அந்தப் பெயர் இரண்டு தடவையாவது வந்திருக்க வேண்டும், அதாவது பிள்ளையே அவளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நான் முதலில் 'நன்றாகப் படிக்கிற பெண்' என்று ஒருத்தியைத் தேடினேன். என் மகளுக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், கதை முடிந்தது.

அடுத்து, பெற்றோரிடம் கேட்பது. கூச்சமாகத்தான் இருக்கும். 'ஒருநாள் வீட்டுக்கு வாங்க' என்றால் எல்லோரும் சரி என்பார்கள், யாரும் வரமாட்டார்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "வணக்கம், நான் இரண்டாவது மாடி. பாப்பா உங்க பொண்ணைப் பத்திப் பேசிட்டே இருக்கா. சனிக்கிழமை காலை 10.30லேருந்து 12 வரைக்கும் எங்க வீட்டுக்கு விளையாட அனுப்ப முடியுமா? நானும் என் மாமியாரும் வீட்டில இருப்போம். நீங்களும் வந்தா காபி சாப்பிடலாம்." மூன்று வீடுகளில் கேட்டேன், இரண்டு வீட்டில் டியூஷன், பாட்டு வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள். வார நாள் மாலை கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும், அதனால் சனி காலையோ வெள்ளி மாலையோ கேளுங்கள்.

முதல் முறை அந்த அம்மாவையோ பாட்டியையோ சேர்த்து அழைப்பது முக்கியம். பெண் குழந்தையைத் தெரியாத வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. வீட்டில் எந்தெந்தப் பெரியவர்கள் இருப்பார்கள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் இருக்கும் அறைக் கதவு திறந்தே இருக்கும், மொட்டை மாடிக்குத் தனியாகப் போகமாட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை அங்கே போகும்போது இதே கேள்விகளை நீங்களும் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. என்ன சாப்பிடுவாள், முட்டை சேருமா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா, நாய்க்குப் பயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் 'வெளியே சாப்பிடமாட்டாள்' என்பார்கள், காரணம் என்ன என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வாழைப்பழம் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர விடுங்கள்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் நான் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்ததை என் மாமியார் ஒரே நாளில் முடித்துவிட்டார். கீழே காய்கறி வண்டியில் வாழைப்பூ வாங்கும்போது மூன்றாவது மாடிப் பாட்டியிடம் பேசி, இருவரும் சேர்ந்தே ஆய்ந்து, அந்த வீட்டுப் பேத்தியை அன்று மாலையே கையோடு அழைத்து வந்துவிட்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் படியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தோழி பள்ளியில் கிடைத்து, உங்கள் பிள்ளை அந்தத் தோழியின் வேனிலேயே போய் அவள் வீட்டில் இறங்க வேண்டும் என்றால் பள்ளிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். தேதி, எந்த நிறுத்தத்தில் இறங்குவாள், யார் வந்து அழைத்துக்கொள்வார்கள், அவர்களுடைய போன் எண், இரண்டு பெற்றோரின் கையெழுத்து, அழைத்துப் போகிறவரின் அடையாள அட்டை நகல். டிரைவரிடம் வாயால் சொன்னால் போதும் என்று நான் நினைத்தேன், ஒருநாள் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கே கொண்டுபோய்விட்டார்கள். அந்த டிரைவர் செய்ததுதான் சரி.

4. முதல் சந்திப்பு 90 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

இதில் நான் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தநாளுக்குக் குடியிருப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகளை அழைத்தேன். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். அவர்கள் கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்க, பிறந்தநாள்காரி படுக்கையறையில் புதுப் பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கேக், சமோசா, கையில் கொடுத்த பைகள் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல். யாரும் அடுத்த நாள் இவளைத் தேடி வரவில்லை.

ஒருத்தி போதும். மூன்று பேர் என்றால் இருவர் சேர்ந்துகொண்டு ஒருவர் வெளியே நிற்பார், அது பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளையாகத்தான் இருக்கும்.

தோழி வருவதற்கு முன் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: எதை அவள் தொட்டால் உனக்குக் கஷ்டமாக இருக்கும்? அந்த மூன்று நான்கு பொருட்களைச் சேர்ந்தே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெளியே இருப்பதெல்லாம் பொது. 'பகிர்ந்து விளையாடு' என்று அந்த நேரத்தில் உபதேசம் செய்வதைவிட இது நூறு மடங்கு வேலை செய்தது. டிவி, போன், டேப் மூன்றும் கிடையாது, ஏனென்றால் அதை ஆன் செய்த நிமிடமே இரண்டு பேரும் தனித்தனி. என்ன விளையாடுவது என்று வந்தவள்தான் முதலில் சொல்லுவாள். போரடித்தால் 'போர்' என்று சொல்லக் கூடாது, 'அடுத்து வேற ஆடலாமா' என்று கேட்கலாம். இந்த இரண்டு சட்டம் போதும், பத்துச் சட்டம் போட்டால் ஒன்றும் நினைவில் இருக்காது.

கையில் ஒரு வேலை வைத்திருங்கள். பேச்சு வராத பிள்ளைகளுக்குக் கை வேலை இருந்தால் பேச்சு வந்துவிடும். நாங்கள் சப்பாத்தி மாவைக் கொடுத்து விலங்குகள் செய்யச் சொன்னோம். முதல் இருபது நிமிடம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அவரவர் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருந்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஒரே பதற்றம். அப்புறம் அந்தப் பெண் செய்த யானையின் தும்பிக்கை விழுந்தது, இவள் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தும்பிக்கை இல்லாத யானைக் கூட்டமே செய்தார்கள். முக்கால் மணி நேரத்தில் குட்டித் தோசை. 12 மணிக்கு இருவரும் "இன்னும் பத்து நிமிஷம்" என்றார்கள், நான் நிறுத்திவிட்டேன். சண்டையில் முடிவதைவிட ஆசையில் முடிவது நல்லது. மொத்தச் செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

நீங்கள் அடுத்த அறையில் இருங்கள், காது மட்டும் இங்கே இருக்கட்டும். குரல் உயர்ந்தால் உடனே ஓடாதீர்கள், மனதுக்குள் அறுபது எண்ணுங்கள். அடி, தள்ளு, அழுகை என்றால் மட்டும் போங்கள். போனாலும் யார் முதலில் செய்தது என்ற விசாரணை வேண்டாம், "ரெண்டு பேரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஒருமுறை நன்றாகப் போனதும் தோழமை வந்துவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். அதே பிள்ளை, அதே கிழமை, அதே நேரம், குறைந்தது ஆறு வாரம். எங்களுக்கு மூன்றாவது வாரம் பெரிய சண்டை வந்து "இனிமே அவ வேண்டாம்" என்றாள். நான்காவது வாரமும் அழைத்தோம். ஐந்தாவது வாரம்தான் நாங்கள் சொல்லாமலே அவள் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போனாள்.

திருப்பி அழைக்கவே மாட்டேன் என்கிறார்களா? இரண்டு மூன்று முறைக்குப் பிறகு கணக்குப் பார்க்கத் தோன்றும். வீடு சிறியது, வீட்டில் படுத்த படுக்கையாக யாரோ இருக்கிறார்கள், மாமனார் சத்தம் பொறுக்கமாட்டார் என்று சொல்ல முடியாத காரணங்கள் இருக்கலாம். பிள்ளை ஆசையாக வருகிறாளா என்பதை மட்டும் பாருங்கள். கடமைக்கு வருவதுபோல் இருந்தால் வேறு பிள்ளையைப் பார்க்க வேண்டியதுதான்.

5. வகுப்பு இப்போது, அதுவும் பார்த்து

வகுப்பில் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேச வேண்டிய தேவை எத்தனை நிமிடம் வருகிறது? பணம் கட்டும் முன் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கீபோர்டு, அபாகஸ் போன்றவற்றில் ஏறக்குறைய இல்லை. நாடகம், கோலாட்டம், ஜோடியாகக் கம்பு பிடிக்கும் சிலம்பம், கோகோ, கபடி என்றால் ஆளில்லாமல் வகுப்பே நடக்காது. முடிந்தால் மூன்றாவது மாடித் தோழியோடு சேர்த்தே அனுப்புங்கள், போகிற வழியும் வருகிற வழியும் கூட விளையாட்டு நேரம்தான். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள், முதல் மாதம் மட்டும் கட்டுங்கள்.

செலவு குறைவான இடங்கள் இருக்கின்றன, விளம்பரம் இல்லாததால் தெரிவதில்லை. தமிழ்நாடு அரசு கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. 5 முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள், பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் உண்டு, தனியார் வகுப்போடு பார்த்தால் கட்டணம் மிகக் குறைவு. உங்களுக்கு அருகில் எங்கே, எந்தக் கிழமை என்பதை நேரில் போய்க் கேட்பதுதான் வேகம். பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு என்று ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள், எங்கே போனாலும் இவைதான் கேட்கிறார்கள். பள்ளியில் பாரத சாரணர் இயக்கம் இருந்தால் சிறு பிள்ளைகளுக்கான கப், புல்புல் பிரிவுகளைப் பற்றிக் கேளுங்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்துக் குழு வேலை கொடுப்பார்கள், கூச்சப் பிள்ளைக்கு ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் அங்கே தோழி கிடைப்பாள் என்று போகாதீர்கள். தோழியை அழைத்துக்கொண்டு போகலாம்.

6. வீட்டில் இருக்கும் அந்த இரண்டேகால் மணி நேரம்

தோழி வந்தாலும் எல்லா நாளும் வரமாட்டாள். 4.15க்கு வந்ததும் முதல் இருபது நிமிடம் ஒரு பெரியவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தால், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவளாகவே ஏதாவது செய்துகொள்கிறாள். எங்கள் வீட்டில் அந்த இருபது நிமிடம் பாட்டியும் சுண்டலும். கேள்வி கேட்க வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும், கதை தானாக வரும். அதன் பிறகு 'போரடிக்குது' என்றால் உடனே ஏதாவது கொடுத்துவிடாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய அட்டைப்பெட்டி வீடாகிவிடும். தனியாக விளையாடுவது வேறு, தனிமை வேறு. கேட்டால் நிமிர்ந்து பார்த்துப் பேசிவிட்டு மறுபடி விளையாட்டில் மூழ்கினால் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

தனிமை தீர நாய்க்குட்டி வாங்கலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும். பத்து வருடத்துக்கும் மேலான பொறுப்பு, அதை ஏழு வயதுப் பிள்ளை பார்க்காது, நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். உங்களுக்கு நாய் வேண்டும் என்றால் வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணன் பிள்ளைகள்தான் கைகொடுத்தார்கள். மாலை 5 மணிக்கு வீடியோ அழைப்பு, ஆனால் 'எப்படி இருக்கே' என்று பேசச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பாம்பும் ஏணியும் அட்டை, ஒருவர் கட்டை உருட்டினால் இருவரும் நகர்த்த வேண்டும். நாற்பது நிமிடம் போகிறது.

மே மாதம் பதினைந்து நாளாவது அங்கே அனுப்பிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு இருந்ததுபோல் 120 நாள் இல்லை. மே 3ஆம் தேதி கிளம்ப மார்ச் தொடக்கத்திலேயே காலை 8 மணிக்குத் தயாராக உட்கார வேண்டும், தென்மாவட்ட ரயில்களில் கோடை விடுமுறை டிக்கெட் அன்றே தீர்ந்துவிடும். 5 வயது முடிந்து 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு படுக்கை வேண்டும் என்று கேட்டால் முழுக் கட்டணம், படுக்கை வேண்டாம் என்றால்தான் அரைக் கட்டணம். அரை டிக்கெட் என்று நினைத்துப் போட்டுவிட்டு இரவு முழுவதும் அவளை என் படுக்கையிலேயே வைத்துக்கொண்டு, கால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமாக மதுரை போய்ச் சேர்ந்தேன்.

7. எப்போது வெளியே உதவி தேட வேண்டும்

மேலே சொன்னதெல்லாம் செய்து இரண்டு மூன்று மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, முன்பு பிடித்த விளையாட்டிலும் ஆர்வமில்லை, தூக்கமும் சாப்பாடும் குறைந்தது, பென்சிலும் டப்பாவும் அடிக்கடி 'தொலைந்து' போகிறது (யாரோ பிடுங்குகிறார்கள்), அல்லது மற்ற பிள்ளைகள் சொல்வது இவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ புரியவில்லையோ என்ற சந்தேகம். கடைசியாகச் சொன்னதற்குக் காது பரிசோதனை முதலில், அது பலமுறை விட்டுப்போகிறது.

வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் மருத்துவரிடமே தொடங்கலாம். போனில் பேச 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் இரண்டு மூன்று மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். மருத்துவரிடம் போகும்போது முதல் படியில் எழுதிய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 'எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது' என்றுதான் அவரும் கேட்பார்.